அவுஸ்திரேலிய மாணவர் வீசா: ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நாடு என்பதை எழுதும் முறை

அவுஸ்திரேலிய மாணவர் வீசாவுக்கு இரண்டு, மூன்று பக்கத்தில் ஒரு நோக்க அறிக்கை எழுதி இணைப்பதுதான் முன்பு வழக்கம். 2024 மார்ச் 23 முதல் அது மாறிவிட்டது. அதற்கு முன்பு, 'நான் தற்காலிகமாக மட்டுமே வருகிறேன்' என்பதை விண்ணப்பதாரர் நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது நிரூபிக்க வேண்டியது 'நான் உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறேன்' என்பது. இணையவழி விண்ணப்பப் படிவத்துக்குள்ளேயே கேள்விகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 150 சொற்களில், ஆங்கிலத்தில், பதில் எழுத வேண்டும்.

ஆனால் ஹட்டனிலும் பதுளையிலும் கைமாறிக்கொண்டிருக்கும் மாதிரி அறிக்கைகளில் பல இன்னும் பழைய நிபந்தனைக்கு எழுதப்பட்டவை. உங்களிடம் ஒருவர் தரும் மாதிரியில் "படிப்பு முடிந்ததும் என் தாய்நாட்டுக்குத் திரும்புவேன் என உறுதியளிக்கிறேன்" என்ற வரியைச் சுற்றியே எல்லாம் சுழன்றால், அது காலாவதியான மாதிரி. புதிய முறையில் வெறும் உறுதிமொழிக்கு மதிப்பில்லை. ஆதாரம் இணைக்கப்பட்ட பதிலுக்கே எடை அதிகம் என்று அந்நாட்டு உள்துறைத் திணைக்களமே சொல்கிறது.

நீண்ட அறிக்கைக்கு இன்னும் ஓர் இடம் உண்டு. பல்கலைக்கழகங்கள் பல, சேர்க்கை உறுதிக் கடிதம் தருவதற்கு முன் தங்கள் சொந்தப் பரிசோதனைக்காக ஒன்று அல்லது இரண்டு பக்க அறிக்கையைக் கேட்கின்றன. அந்தக் கடிதம் இல்லாமல் வீசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதால் நீண்டது முதலில், 150 சொல் பதில்கள் அடுத்து என்ற வரிசையில் வேலை நடக்கும். இரண்டும் ஒரே ஆளின் ஒரே கதையாக இருக்க வேண்டும்.

படிவம் என்ன கேட்கிறது

கேள்விகள் நான்கு. முதலாவது உங்கள் தற்போதைய நிலையைப் பற்றியது: குடும்பம், சமூகம், வேலை, பொருளாதாரம். இரண்டாவது, இந்தப் படிப்பை, அவுஸ்திரேலியாவில், இந்த நிறுவனத்தில் ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்பது. படிப்பின் தேவைகளும் அங்கே வாழ்வதன் தேவைகளும் உங்களுக்குப் புரிந்திருக்கின்றனவா என்பதும் இதற்குள் அடக்கம். மூன்றாவது, படிப்பை முடிப்பதால் உங்களுக்கு என்ன பயன். நான்காவது, வேறு ஏதாவது சொல்ல இருந்தால் சொல்ல. முன்பு அவுஸ்திரேலிய மாணவர் வீசாவில் இருந்தவர்களுக்கும், வேறு வீசாவில் அங்கே இருந்துகொண்டே விண்ணப்பிப்பவர்களுக்கும் மேலதிகக் கேள்வி உண்டு. அது இங்கே தேவையில்லை.

பெரும்பாலானோர் முதலாம் கேள்வியில் தொடங்கி வரிசையாக எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் குடும்ப வரலாறு நீண்டு, படிப்புக்கு வரும்போது கையில் சொல்ல ஒன்றும் இருக்காது. எழுதும் வரிசையைத் திருப்புங்கள்: முதலில் மூன்றாம் கேள்வி, பிறகு இரண்டாவது, கடைசியில் முதலாவது. படிப்பு முடிந்து நீங்கள் செய்யப்போகும் வேலை எது என்று தெரிந்தால், அந்த வேலைக்கு இன்று உங்களிடம் இல்லாத திறன் எது என்று தெரியும். அது தெரிந்தால் எந்தப் படிப்பு என்பது தெரியும். அந்தப் படிப்பு இங்கே எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்று பார்த்தால், ஏன் வெளிநாடு, ஏன் அந்த நாடு என்பதற்குப் பதில் தானே வந்து நிற்கும். அதிகாரி உங்கள் பதிலைச் சோதிப்பதும் இந்தச் சங்கிலியில் எங்காவது கண்ணி அறுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான்.

ஓர் உதாரணம்

விளக்குவதற்காக அமைத்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த மாணவி. 2017 ஆகஸ்டில் உயர்தரம் எழுதி, 2019இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் மற்றும் பெறுமதி சேர்ப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்து, 2023இல் முடித்தார். அதன் பிறகு ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர். இப்போது மெல்பேர்ன் பல்கலைக்கழகமொன்றில் உணவு விஞ்ஞான முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அப்பா ஹட்டன் நகரில் ஒரு கடையில் வேலை. பணம் தருபவர் கொழும்பில் மொத்த வியாபாரம் செய்யும் தாய்மாமா. மீதிக்கு வங்கிக் கல்விக் கடன்.

மூன்றாம் கேள்விக்கு அவருடைய முதல் வரைவு இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: "இந்தப் படிப்பு எனது அறிவை விரிவுபடுத்தி, சர்வதேச மட்டத்தில் சிறந்த வேலைவாய்ப்பைப் பெற்றுத் தரும். நாடு திரும்பி உணவுத் துறையில் உயர் பதவி வகிப்பேன்." இதில் தவறு என்று எதுவும் இல்லை. பொருளும் இல்லை. எந்தப் பதவி, எந்த மாதிரி நிறுவனத்தில், இன்று அதற்கு ஏன் இவர் தகுதியற்றவர் என்ற மூன்றுக்கும் பதில் கிடையாது.

இதை எப்படித் திருத்துவது? அவருடைய அன்றாட வேலையைக் கேட்க வேண்டும். தொழிற்சாலையில் அவர் பார்ப்பது வாடல், அரைப்பு, நொதிப்பு, உலர்த்தல் ஒவ்வொன்றிலும் ஈரப்பதமும் வெப்பநிலையும். தூளின் தரத்தைத் தீர்மானிப்பது ருசி பார்ப்பவர். இரசாயன எச்சப் பரிசோதனைக்கு மாதிரி வெளியே போகிறது, அறிக்கை திரும்பி வருகிறது. அந்த அறிக்கையை இவர் கோப்பில் போடுகிறாரே தவிர, அதை வைத்து எந்த வயலில் என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்று சொல்லும் பயிற்சி இவருக்கு இல்லை. 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்ட பிறகு தோட்டங்கள் வேறு களைக்கொல்லிகளுக்குப் போனதும், அதில் ஒன்றின் எச்சம் ஜப்பானில் பிரச்சினையானதும் மலையகத்தில் தேயிலையோடு வாழும் எல்லோருக்கும் தெரியும். வாங்கும் நாட்டின் வரம்பை இங்கேயே, பொதி கட்டுவதற்கு முன்பே கணக்கில் எடுக்கும் ஆள் ஒருவர் தேவை. அதுதான் இவர் குறிவைக்கும் பதவி.

திருத்திய பதிலின் சாரம் இது: "நான் குறிவைப்பது பொதி செய்து ஏற்றுமதி செய்யும் தேயிலை நிறுவனமொன்றில் தர உறுதி நிறைவேற்று அலுவலர் பதவி. இணைத்துள்ள இரண்டு வேலை விளம்பரங்களும் உணவு விஞ்ஞானத்தில் பட்டப்பின் தகைமையையும் உணவுப் பாதுகாப்பு முறைமைகளில் அனுபவத்தையும் கேட்கின்றன. என்னிடம் தொழிற்சாலை அனுபவம் இருக்கிறது. எச்சப் பகுப்பாய்வை விளங்கிக்கொள்ளும் பயிற்சியும், புலன்சார் மதிப்பீட்டை முறையாக வடிவமைக்கும் பயிற்சியும் இல்லை. இப்போதைய எனது சம்பளத்தையும் விளம்பரத்தில் உள்ள சம்பளத்தையும் இணைப்பில் காட்டியுள்ளேன். எனது தற்போதைய முகாமையாளர், படிப்பு முடிந்தபின் என்னை மீண்டும் சேர்க்க ஆர்வமுள்ளதாகக் கடிதம் தந்துள்ளார்."

இதில் பெரிய வார்த்தைகள் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கிறது. முகாமையாளரின் கடிதம் கிடைக்காவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். கடிதம் இல்லாமல் வரியை மட்டும் வைத்திருக்க வேண்டாம். சம்பளத்தைப் பற்றி எழுதப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படத் தேவையில்லை. பெரிய நகரப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய முதுமாணிப் படிப்பின் ஓராண்டுக் கட்டணமே வழமையாக நாற்பதாயிரம் அவுஸ்திரேலிய டொலரைத் தாண்டும். இவ்வளவு செலவழித்து இலங்கைச் சம்பளத்துக்குத் திரும்புவது கணக்குக்கு வருமா என்று அதிகாரி மனதுக்குள் போட்டுப் பார்ப்பார். நீங்களே அந்தக் கணக்கைத் தொட்டால் நல்லது.

படிப்பைத் தேர்ந்த காரணம்

இப்போது இரண்டாம் கேள்வி. 150 சொல்லில் படிப்பு, நாடு, நிறுவனம், அங்கே வாழ்வது என்ற நான்கையும் அடக்க வேண்டியிருப்பதால் நெருக்கடி இங்கேதான். ஏறத்தாழ அறுபது சொல்லைப் படிப்புக்கும், ஐம்பதை நாட்டுக்கும் நிறுவனத்துக்கும், மீதியை வாழ்க்கைச் செலவுக்கும் ஒதுக்கினால் போதும்.

படிப்பைப் பற்றி எழுத முன் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டப் பக்கத்தைத் திறந்து, கட்டாயப் பாடங்கள் எவை, தெரிவுப் பாடங்கள் எவை, ஆய்வுத்திட்டம் எந்தப் பருவத்தில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில், பட்டப்படிப்பில் நீங்கள் ஏற்கெனவே படித்தவற்றை எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் பாடங்களைப் பற்றிப் பதிலில் பேச வேண்டாம். புதிதாக இருப்பவற்றில் இரண்டை மட்டும் எடுத்து, உங்கள் வேலையில் உள்ள ஓர் இடைவெளியோடு கட்டுங்கள். ஐந்து பாடங்களின் பெயரை அடுக்குவது, இணையப் பக்கத்தைப் பார்த்து எழுதியது என்பதைத்தான் காட்டும்.

நமது மாணவிக்கு அந்த இரண்டும் புலன்சார் மதிப்பீடு, உணவு இரசாயனப் பகுப்பாய்வு. தேயிலை ருசி பார்ப்பது பரம்பரையாக ஒரு நிபுணரின் நாக்கை நம்பிய கலை. பயிற்றப்பட்ட குழுவைக் கொண்டு, பெயர் மறைத்த மாதிரிகளை வைத்து, புள்ளிவிபர முறையில் மதிப்பிடுவது வேறு. வாசனை சேர்த்த தேயிலை, மூலிகைக் கலவை போன்றவற்றைப் புதிதாக உருவாக்கும்போது இரண்டாவது முறை தேவைப்படுகிறது. இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் எழுதினாலே, எழுதுபவருக்குத் துறை தெரியும் என்பது புரிந்துவிடும்.

படிப்பின் மட்டமும் கவனிக்கப்படும். பட்டம் முடித்தவர் அதைவிடக் கீழான டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தால் கேள்வி எழும். கட்டணம் குறைவு, சீக்கிரம் இடம் கிடைக்கும் என்பதற்காக முகவர்கள் இப்படிப்பட்ட சமையற்கலை, தலைமைத்துவ டிப்ளோமாக்களைப் பரிந்துரைப்பது சாதாரணமாக நடக்கிறது. கணக்கியல் படித்தவர் சமையற்கலைக்குப் போகக் கூடாது என்றில்லை. எல்ல, நுவரெலியாப் பக்கம் குடும்பத்துக்குத் தங்குமிடமோ உணவகமோ இருந்து, அதில் அவர் வேலை செய்தும் இருந்தால், பதிவுச் சான்றிதழை இணைத்து அதைச் சொல்லலாம். அப்படி எதுவும் இல்லாமல் "சமையலில் எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆர்வம்" என்று எழுதினால் அந்தக் கண்ணி அங்கேயே அறுந்துவிடும்.

ஏன் இங்கே படிக்கவில்லை

நாட்டைப் பற்றி எழுத முன் இதற்குப் பதில் வேண்டும். இதே போன்ற படிப்பு சொந்த நாட்டிலோ அருகிலோ இருந்தால், அதை விட்டதற்கு நியாயமான காரணம் இருக்கிறதா என்பது மதிப்பீட்டின் ஒரு பகுதி. இங்கே பலர் பொய் சொல்கிறார்கள்: "இலங்கையில் இந்தப் படிப்பு இல்லை." நமது மாணவியின் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் பேராதனை இருக்கிறது. அங்குள்ள பட்டப்பின் விவசாய நிறுவனத்தில் உணவு விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் முதுமாணி மட்டத்தில் கற்பிக்கப்படுகிறது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகமே இருக்கிறது. அதிகாரி தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த ஒரு வரி பொய் என்று பட்டால் மற்ற வரிகளையும் அவர் அதே கண்ணோடுதான் படிப்பார்.

இருப்பதை ஒப்புக்கொண்டு, வேறுபாட்டைச் சொல்வதே வழி. சாரம் இப்படி இருக்கலாம்: "பேராதனையில் உள்ள முதுமாணிப் படிப்பைப் பரிசீலித்தேன். உற்பத்திப் பக்கத்தில் அது வலுவானது. எனது பட்டமும் வேலையும் ஏற்கெனவே அந்தப் பக்கத்தில்தான். எனக்குத் தேவை, தேயிலையை இறக்குமதி செய்யும் நாடு எதைப் பரிசோதிக்கிறது, எதற்காக நிராகரிக்கிறது என்பதை அந்த நாட்டின் சட்டகத்துக்குள்ளேயே படிப்பது." பேராதனையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. "இலங்கைக் கல்வித்தரம் தாழ்ந்தது" என்று எழுதுபவர் தன் சொந்தப் பட்டத்தின் காலையே வாருகிறார். அந்தப் பட்டத்தைக் காட்டித்தானே இடம் வாங்கினார்.

இந்தியாவையும் தாண்டித்தான் போக வேண்டும். மொழி, உறவு, செலவு என எல்லா வகையிலும் மலையக மாணவருக்குத் தமிழ்நாடு கிட்ட. அதை அடுத்த கர்நாடகத்தின் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே செலவு குறைவு என்பதை மறைக்க வேண்டாம். இந்தியா தேயிலையில் நமக்குப் போட்டி நாடு, நம்மிடம் பெரிதாக வாங்கும் நாடு அல்ல என்ற ஒரு வரி, இந்த மாணவியின் காரணத்துக்கு நேராகப் பொருந்துகிறது. வேறு துறை மாணவருக்குப் பொருந்தாது. அவர் தன் துறைக்கான வரியைத் தேட வேண்டும்.

நாட்டைத் தேர்ந்த காரணம்

ஒரு சின்னச் சோதனை. நாட்டைப் பற்றி நீங்கள் எழுதிய வாக்கியத்தில் 'அவுஸ்திரேலியா' என்பதை அழித்துவிட்டு 'கனடா' என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் அப்படியே நிற்கிறதா? நின்றால் அதை வெட்டிவிடுங்கள். "உலகத்தரம் வாய்ந்த கல்வி", "பல்லின மக்கள் ஒற்றுமையாக வாழும் பாதுகாப்பான நாடு", "இதமான காலநிலை" எல்லாம் இந்தச் சோதனையில் விழும். நுவரெலியாவில் பிறந்தவர் காலநிலையைக் காரணம் காட்டினால் வாசிப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

நமது மாணவியின் பதிலில் நிற்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து ஒரு பொது உணவுத் தரச் சட்டகத்தை வைத்திருக்கின்றன. அதன் 20ஆம் அட்டவணை, எந்த உணவில் எந்த விவசாய இரசாயனத்தின் எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று அவுஸ்திரேலியாவுக்கு வரையறுக்கிறது. இறக்குமதியாகும் உணவு துறைமுகத்தில் பரிசோதனைக்கு உட்படுகிறது. அங்குள்ள உணவு விஞ்ஞானப் படிப்பில் உணவுச் சட்டமும் பாதுகாப்பும் இந்தச் சட்டகத்தை வைத்தே கற்பிக்கப்படும். இலங்கைத் தேயிலையை வாங்கும் ஒரு சந்தையின் விதிகளை, அந்தச் சந்தைக்குள் இருந்தே படிப்பது என்ற காரணத்தைக் கனடாவுக்கு மாற்றினால் அட்டவணையும் மாறிவிடும், வாக்கியம் நிற்காது. சோதனையில் தேறிவிட்டது.

பிரித்தானியாவை ஏன் விட்டீர்கள் என்றும் ஒரு வரி சேர்க்கலாம். அங்கே முதுமாணிப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு. இவர் சேரும் படிப்பு இரண்டாண்டு, ஆய்வுகூடத் திட்டத்துக்கு முழுப் பருவம் இருக்கிறது. ஆனால் இந்தக் காரணத்தை எழுதினால், அந்த நீண்ட திட்டம் உங்கள் வேலைக்கு ஏன் தேவை என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 'இரண்டாண்டு வேண்டும் என்பது அங்கே அதிக காலம் இருப்பதற்காக' என்று வேறு விதமாக வாசிக்கப்படும்.

நிறுவனத்தைப் பற்றி ஒரு வரி போதும். உலகத் தரவரிசை எண்ணை எழுதாதீர்கள், எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் ஆய்வுகூடம், பாடத்திட்டத்தில் உள்ள தொழிற்துறைப் பயிற்சி என்று உங்கள் காரணத்தோடு தொடர்புள்ள ஒன்றைச் சொல்லுங்கள். படிப்பின் பெயரையும் அதன் பதிவு எண்ணான CRICOS எண்ணையும் சேர்க்கை உறுதிக் கடிதத்தில் உள்ளபடியே பிரதி செய்யுங்கள்.

வேலை செய்யும் உரிமை, நிரந்தர வதிவிடம் ஆகியவற்றை எங்கே வைப்பது? புதிய விதியின் விளக்கத்திலேயே, படித்த பிறகு அந்நாட்டுக்குத் தேவையான திறனோடு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிப்பவர்களை விலக்குவது இதன் நோக்கம் அல்ல என்று இருக்கிறது. ஆகவே 'ஒருபோதும் தங்க மாட்டேன்' என்று சத்தியம் செய்யத் தேவையில்லை. அதற்காகத் தங்குவதையோ சம்பாதிப்பதையோ படிப்பைத் தேர்ந்த காரணமாக எழுதவும் கூடாது. பருவ காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்ற வரம்பை அறிந்திருக்கிறேன், ஆனால் கட்டணத்துக்கு அந்த வருமானத்தை நம்பியிருக்கவில்லை என்பது சரியான தொனி. வாழ்க்கைச் செலவைச் சொல்லும்போது அதிகாரபூர்வத் தொகையைப் பயன்படுத்துங்கள். 2024 மே 10இலிருந்து தனியொரு மாணவருக்கு 12 மாதத்துக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. இந்தத் தொகை மாற்றப்படுவதுண்டு. விண்ணப்பிக்கும் வாரத்தில் திணைக்களத்தின் பக்கத்தில் பார்த்து எழுதுங்கள்.

குடும்பம், காணி, பணம்

முதலாம் கேள்விதான் தோட்டப்புற மாணவர்களைத் திணறடிக்கிறது. எல்லா மாதிரி அறிக்கைகளிலும் "எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக வீடும் காணியும் உண்டு" என்று ஒரு வரி இருக்கும். லயத்தில் வாழும் குடும்பத்திடம் காணி உறுதி இருக்காது. வீடு தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கும். ஏழு பேர்ச் காணியில் புதிய வீடு கிடைத்தவர்களிலும் உறுதி கைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள், வராதவர்களும் இருக்கிறார்கள். உறுதி இல்லாவிட்டால், இருப்பதாக எழுத வேண்டாம். யாரோ ஒருவருடைய காணி மதிப்பீட்டு அறிக்கையை இணைத்துத் தருவதாக யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். பொய் ஆவணமோ தவறான தகவலோ கண்டுபிடிக்கப்பட்டால் வீசா மறுக்கப்படுவதோடு, மூன்று ஆண்டுகளுக்கு வேறு வீசாவும் கிடைக்காத நிலை வரும். அதைச் செய்தது முகவர்தான் என்பது பெரும்பாலும் காப்பாற்றாது.

கேள்வி கேட்பது பிணைப்பை. காணி அதற்கு ஓர் ஆதாரம் மட்டுமே. பெற்றோர் இங்கே வாழ்கிறார்கள், அம்மாவின் வேலை தொடர்கிறது என்பதற்குச் சம்பளச் சீட்டும் ஊழியர் சேமலாப நிதிக் கூற்றும் போதும். உங்கள் சொந்த வேலைக்கு, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதிக் கூற்று ஆகியவற்றோடு, உறுதிப்படுத்தக் கூடிய ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள கடிதம் வேண்டும். தோட்டப் பாடசாலையில் மாலை வகுப்பு நடத்தியிருந்தால் அதிபரின் கடிதம். இருபது ஆவணம் தேவையில்லை. பதிலில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருந்தால் போதும்.

பணத்தின் கதையையும் இங்கேயே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். தோட்டச் சம்பளத்தையும் கடைச் சம்பளத்தையும் காட்டும் குடும்பத்தின் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தின மாதம் திடீரென்று பெரிய தொகை விழுந்திருந்தால், பணம் உண்மையில் உங்களுக்குக் கிடைக்குமா என்ற சந்தேகம் வரும். தாய்மாமா தருகிறார் என்றால் அப்படியே எழுதுங்கள்: அவர் யார், என்ன தொழில், எவ்வளவு தருகிறார், மீதி எந்த வங்கிக் கடன். அவருடைய வியாபாரப் பதிவு, வரி ஆவணம், சில மாத வங்கிக் கூற்று, ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி ஆகியவை பின்னால் நிற்கட்டும். அவர் அம்மாவின் உடன்பிறந்தவர் என்பதை இருவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களிலும் உள்ள பெற்றோர் பெயர்கள் காட்ட வேண்டும்.

அங்கேதான் இன்னொரு சிக்கல் கிளம்பும். தோட்டப் பகுதிகளில் பழைய பிறப்புப் பதிவுகளில் தமிழ்ப் பெயர்கள் கேட்டபடி எழுதப்பட்டிருக்கும். ஒரே தாத்தாவின் பெயர் அம்மாவின் பத்திரத்தில் 'ராமசாமி', மாமாவின் பத்திரத்தில் 'ராமன்' என்று இருக்கும். மொழிபெயர்ப்பில் இன்னொரு எழுத்துக்கூட்டல் சேரும். முதலில் எல்லாப் பத்திரங்களையும் ஒரே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, ஒரே எழுத்துக்கூட்டலில் வாங்குங்கள். மூலத்திலேயே வேறுபாடு இருந்தால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசியை இணைத்து, நான்காம் கேள்வியில் ஒரு வரி எழுதுங்கள். அதிகாரி தானாகக் கண்டுபிடிக்கும் முரண்பாட்டைவிட நீங்களே சுட்டிக்காட்டியது எவ்வளவோ மேல்.

இடைவெளிகள்

நான்காம் கேள்வி வெறுமனே விடுவதற்கு அல்ல. கல்வி இடைவெளிக்கு அது பொருத்தமான இடம். நமது மாணவியின் சான்றிதழ்களில் 2017க்கும் 2019க்கும் நடுவே ஒன்றும் இல்லை. இலங்கையில் உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழக அனுமதி கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆவது நமக்குச் சாதாரணம். வெளியாருக்கு அது காணாமல்போன காலம். அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு நிலைமை இன்னும் குழப்பம். 2021ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது; 2022க்கானது 2023 ஜனவரியில் தொடங்கியது. சான்றிதழில் உள்ள ஆண்டும் பரீட்சை எழுதிய ஆண்டும் வேறு. ஒரு வாக்கியத்தில் இதை விளக்கி, அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். வேறு நாட்டு வீசா மறுக்கப்பட்டிருந்தால் படிவம் அதைத் தனியாகக் கேட்கும். அங்கே உண்மையைச் சொல்லி, காரணத்தை இங்கே எழுதுங்கள்.

சமர்ப்பிக்கும் முன்

ஆங்கிலத்தில் எழுதும்போது உங்கள் மட்டத்திலேயே எழுதுங்கள். ஐஈஎல்டிஎஸ்ஸில் 6.5 வாங்கியவரின் பதில் சட்டத்தரணி எழுதியது போல இருந்தால் அது அவருடையது அல்ல என்று தெரிந்துவிடும். முகவர் ஊடாக விண்ணப்பித்தாலும் பதில்களை நீங்களே எழுதுங்கள். ஒரே அலுவலகத்திலிருந்து போகும் பத்துப் பேரின் பதில்கள் பெயரை மட்டும் மாற்றிப் போவது இன்றும் நடக்கிறது. பல்கலைக்கழகம் தொலைபேசியில் நேர்காணல் வைத்தால், அறிக்கையில் உள்ள பாடங்களைப் பற்றித்தான் கேட்பார்கள்.

பிறகு தாள்களை மேசையில் விரித்து, பதில்களில் வரும் ஒவ்வொரு திகதி, தொகை, பெயரின் கீழும் கோடு போட்டு, அதே விபரம் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த நீண்ட அறிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். அதில் 'மாமா முழுச் செலவையும் ஏற்கிறார்' என்றும் இங்கே 'கடன் எடுக்கிறேன்' என்றும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். இணையவழி வீசா விண்ணப்பக் கணக்கான ImmiAccount உங்கள் பெயரில் இல்லாமல் முகவரின் கணக்கில் இருந்தால், சமர்ப்பித்த விண்ணப்பத்தின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால், அதில் 500.212 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது 'உண்மையான மாணவர்' நிபந்தனைக்கான பிரிவு. அதன் கீழ் அதிகாரி எழுதிய காரணங்களை வரிவரியாகப் படித்தால் எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியும். இலங்கையிலிருந்து விண்ணப்பித்து மறுக்கப்பட்டவருக்குப் பொதுவாக அங்குள்ள மீளாய்வு நியாயசபைக்குப் போகும் உரிமை இல்லை. புதிய விண்ணப்பம்தான் வழி. 2025 ஜூலை 1 முதல் 2,000 டொலராகிவிட்ட கட்டணத்தையும் மீண்டும் கட்ட வேண்டும். அந்தப் புதிய விண்ணப்பம் பழைய பதில்களோடு ஒப்பிட்டுப் படிக்கப்படும். பழைய பிரதி கையில் இல்லாமல் அதை எழுத உட்காராதீர்கள்.